தராசை விட்டு இறங்காத கேப்ஷன்

எங்கள் மஞ்சள் மண்டியில் ஒரு வழக்கம் உண்டு. நீண்ட லீவு போட்டுவிட்டு யார் திரும்பி வந்தாலும், சபரிமலைக்குப் போய் வந்த மூட்டை தூக்குகிறவரானாலும், கல்யாணம் முடித்து மாமனார் வீட்டு விருந்தில் கன்னம் உப்பி வந்த கணக்குப்பிள்ளையானாலும், கால் கட்டுப் பிரித்து வந்த வாட்ச்மேனானாலும், முதல் நாள் காலையில் பெரிய தராசின் மேடையில் ஏறி நிற்க வேண்டும், தலைக்குப் பின்னால் எடை சிவப்பாக எரிய ஒரு போட்டோ எடுக்க வேண்டும், நிற்கிறவரே அதற்குக் கீழே ஒரு கேப்ஷன் எழுதி மண்டி குரூப்பிலும் தன் ஸ்டேட்டஸிலும் போட வேண்டும், அதற்குப் பிறகுதான் டீ. ஏறியவர் போனதைவிடப் பெருத்து வந்திருந்தால் சிரிப்போம், இளைத்து வந்திருந்தாலும் சிரிப்போம். வெயிலும் மஞ்சள் தூசியும் நாள் முழுக்கத் தின்கிற இடத்தில் காலையில் ஒரு சிரிப்பாவது வேண்டுமல்லவா.

அப்படித்தான் கோகிலவாணி பிள்ளைப்பேறு லீவு முடிந்து வந்த அன்று தராசில் ஏறினாள். அந்தத் தராசு அவளுடையது. ஐந்து வருஷமாக அதன் முன்னால் உட்கார்ந்து எடை போட்டவள் அவள்தான். முள்ளுத் தராசு காலத்தில் ஏமாந்து ஏமாந்து புண்ணாகிப்போன விவசாயிகள்கூட, எடை போடுவது கோகிலா என்றால் மூட்டையை இறக்கிவிட்டு நிழலுக்குப் போய்விடுவார்கள். நான் சம்பூர்ணம். விவசாயிக்கும் வியாபாரிக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் திட்டு வாங்கி, விலை பேசி முடித்துக் கொடுக்கிறவள். ஒரு குவியலைப் பார்த்த மாத்திரத்தில் எது விரலி, எது கிழங்கு, எது நனைத்துக் கொண்டுவந்த திருட்டு மஞ்சள் என்று சொல்லிவிடுவேன். அந்தக் காலையில் கோகிலாவின் முகத்தைப் பார்த்தேன், அது எந்த ரகம் என்று எனக்குப் பிடிபடவில்லை.

"ஏறு அம்மிணி, ஏறு," என்றார் டீக்கடை ரங்கசாமி. "தாயும் தராசுமா ஒரு போட்டோ."

ஏறினாள். எடை எரிந்தது. சிரித்தோம். கேப்ஷன் கேட்டபோது அவளுக்கு ஒன்றும் வரவில்லை; ஆறு மாதமாகத் துண்டு துண்டாகத் தூங்கியவளுக்கு எங்கிருந்து வரும்? அவள் லீவில் இருந்தபோது அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த லோகு, தன் போனில் யாரோ எழுதி வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தான். 'தாயும் நானே, தராசும் நானே, எனக்கு ஈடு இனி யாருமில்லை,' அதன் முடிவில் மடக்கிய புஜம் ஒன்று, நெருப்பு மூன்று. மேடையில் நின்றபடியே அதை ஒட்டி, ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு இறங்கினாள்.

அவள் இறங்கினாள், கேப்ஷன் இறங்கவில்லை. தராசு மேடைக்கும் அவள் முழங்காலுக்கும் நடுவில், கல்யாண மண்டப வாசலில் கட்டிய துணி மாதிரி, போனில் இருந்த அதே எழுத்தில் அது காற்றில் நின்றது, ஒரு முனை அவள் சேலையோடும் மறு முனை மேடையோடும் ஒட்டிக்கொண்டு. மூன்று நெருப்பும் சூடில்லாமல் எரிந்தன.

"கொஞ்சம் ஒதுக்கிப் புடிங்க அம்மிணி, டீ கொட்டிரும்," என்று சொல்லி ரங்கசாமி அதன் அடியில் குனிந்து போனார். ஒரு விவசாயி வியர்வைத் துண்டை 'யாருமில்லை'யின் மேல் காயப்போட்டார். மூட்டை தூக்குகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போக ஒரு பாதை ஏற்படுத்திக்கொண்டார்கள், சந்தைக்குப் புதிதாக வந்த மாட்டுவண்டிக்கு ஒதுங்குகிற மாதிரி. எழுத்து ஏன் நிற்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. வழியில் நிற்கிறதே என்றுதான் முனகினார்கள்.

தொந்தரவு வேறு விதத்தில் வந்தது. அந்த எழுத்து மேலே போகப் பார்த்தது. கோகிலாவின் குதிகால் தரையைத் தொடவில்லை. தராசு மேடையையும் அது லேசாகத் தூக்கியதில், ஒன்றும் ஏற்றாத தராசு பூஜ்யம் காட்ட வேண்டியது, கழித்தல் குறி போட்டுக் காட்டியது. அப்படிப்பட்ட தராசில் ஒரு மூட்டை வைத்தால் விவசாயிக்கு நஷ்டம். எந்த விவசாயி வைப்பான்?

அதற்குள் அவள் போன் துடிக்க ஆரம்பித்திருந்தது. வீட்டுக்காரர் ஒரு கட்டைவிரல் அனுப்பியிருந்தார். கூடப் படித்தவள் ஒருத்தி, இரண்டு பிள்ளைகளோடு வீட்டில் இருப்பவள், 'அப்ப நாங்கெல்லாம் சும்மா உக்காந்திருக்கமாக்கும்' என்று கேட்டிருந்தாள். பாப்பாவைப் பார்த்துக்கொள்கிற சாந்தாமணி, வீட்டுக்காரரின் அக்கா, கோகிலா 'நங்கை' என்று கூப்பிடுகிறவள், ஸ்டேட்டஸைப் பார்த்தவர்கள் வரிசையில் முதலாவதாக இருந்தாள். பார்த்திருந்தாள், அவ்வளவுதான். திட்டினால்கூடப் பதில் சொல்லலாம். பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறவளிடம் என்ன பேரம் பேச முடியும்?

மேனேஜர் சென்னியப்பன் வந்தார். எழுத்தைப் படித்தார், தராசைப் பார்த்தார். "என்னம்மா இது? வெளியூர் லாரி நிக்குது. லாரி கிளம்பறதுக்குள்ள அத்தனையும் எடை போட்டு ஏத்தியாகோணும். தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வா. உன்னால முடியலீன்னா லோகு சீட்டுலயே உக்காரட்டும், நீ வீட்டுல பாப்பாவைப் பாரு. தப்பா எடுத்துக்காதே."

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் அதை வேறு எப்படி எடுத்துக்கொள்வது என்று நான் கத்தப் போனேன். கோகிலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வேலை போனால் அவளுக்குப் போவது சம்பளம் மட்டுமில்லை. எடை சொல்கிற இடத்தில் ஒரு பெண்பிள்ளை உட்காரலாம் என்பதே அவள் உட்கார்ந்த பிறகுதான் இந்த மண்டிக்குத் தெரியும்.

போட்ட ஸ்டேட்டஸில் எழுத்தைத் திருத்த முடியாது. அழித்துவிட்டு மறுபடி புதிதாகத்தான் போட வேண்டும். அழித்தாள். கேப்ஷன் மஞ்சள் பொடியாக உதிர்ந்து தரையில் விழுந்தது. கூட்டிப் பெருக்குகிற பொன்னாத்தா துடைப்பத்தோடு வந்து அதை ஓரமாகத் தள்ளினாள்.

இரண்டாவதை அவளே எழுதினாள். 'மன்னிச்சுடு பாப்பா' என்று ஆரம்பித்தாள். தூங்கும்போதே விட்டு வந்ததை எழுதினாள், பாலைப் பீய்ச்சிப் பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்ததை, சுடுதண்ணியில் வைத்துத்தான் சூடாக்க வேண்டும் அடுப்பில் வைக்கக் கூடாது என்று மூன்று தரம் சொல்லிவிட்டு வந்ததை, நீ முதன்முதலாகத் தவழும்போது நான் யாருடைய மஞ்சளையோ நிறுத்துக்கொண்டிருப்பேனே என்பதை. எழுதிக்கொண்டே போனாள். போனில் நாலு வரிக்கு மேல் போனால் மிச்சத்தை மடித்து வைத்துவிட்டு 'மேலும்' என்று ஒரு சொல் காட்டுமே, அந்த 'மேலும்' எங்கள் மண்டியில் காற்றில் தொங்கியது. மூட்டை தூக்குகிறவர் ஒருவர் அதைப் பிடித்து இழுத்தார். சேலை மடிப்புப் பிரிகிற மாதிரி மிச்ச வரிகள் வந்துகொண்டே இருந்தன, தராசு மேடையில் குவிந்து, வழிந்து, நடைபாதை வரைக்கும். இரும்புச் சங்கிலி இழுபடுகிற சத்தத்தோடு அது தரையைக் கீறியது. பெரிய பெரிய ஆண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து படித்தார்கள். இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள். தராசில், ஒரு மூட்டைகூட ஏற்றாமலே, ஒரு வண்டி மஞ்சளின் எடை எரிந்தது.

படித்து முடித்தவர்களெல்லாம் அவளிடம் வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "பாப்பா யாருகிட்ட இருக்குது?"

டீ வாங்க வந்தவர் கேட்டார். சாக்கு விற்கிறவர் கேட்டார். வியாபாரி காரிலிருந்து இறங்காமலே கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"டேய் லோகு," என்றேன். "உனக்கும் அதே மாசந்தானே குழந்தை பொறந்துச்சு?"

"ஆமாங்க்கா."

"நீயும் லீவு முடிச்சு வந்து இதே தராசுல நின்னே. என்ன எழுதினே?"

"'அப்பா ஆயிட்டேன்'னு போட்டேனுங்க. லட்டு வாங்கிக் குடுத்தாங்க."

"குழந்தை யாருகிட்ட இருக்குதுன்னு எவனாவது கேட்டானா?"

லோகு நல்லவன்தான். யோசித்தான். "இல்லீங்களே," என்றான், அது அப்போதுதான் அவனுக்கும் தெரிந்த மாதிரி. அவன் எழுதியது காற்றிலும் நிற்கவில்லை, தராசையும் தொடவில்லை. லட்டு தீர்ந்ததும் தீர்ந்துபோயிற்று.

சாந்தாமணி போனில் கூப்பிட்டாள். ஸ்பீக்கர் போடாமலே எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "ஏன் கோகிலா, பாப்பாவை எவளோ வழிப்போக்கிகிட்ட அனாதையா உட்டுட்டுப் போன மாதிரி எழுதியிருக்கறே? நானென்ன செத்தா போயிட்டேன்? பாலை அடுப்புல வெச்சனா?" பட்டென்று வைத்துவிட்டாள்.

பெருமையாக எழுதினால் வீட்டில் இருக்கிறவளைக் குத்துகிறது. குற்றமாக எழுதினால் பார்த்துக்கொள்கிறவளைக் குத்துகிறது. நான் எத்தனையோ விலை பேசியிருக்கிறேன், இப்படி இரண்டு பக்கமும் முள்ளாக நிற்கிற சரக்கைப் பார்த்ததில்லை.

அழித்தாள். இரும்பாகக் கிடந்த வரிகள் உதிர்ந்து பொடியாயின. பொன்னாத்தா கூட்டினாள்.

மூன்றாவதை மண்டியே சேர்ந்து எழுதியது, அதற்கென்று எல்லோருக்கும் நேரம் இருந்தது. நான் நடுவில் நின்று பேரம் பேசினேன். பாதி கண்ணீர், பாதி கம்பீரம், ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுங்கள் என்றேன். கணக்குப்பிள்ளை எதுகை போட்டார். நிர்வாகத்துக்கு ஒரு நன்றி சேர்க்கச் சொன்னார் சென்னியப்பன். வேலைக்கு விட்ட வீட்டுக்காரருக்கு நன்றி போடச் சொன்னார் வியாபாரி, "மாட்டைக் கட்டவுத்து உட்டாரா, நன்றி சொல்றதுக்கு?" என்று நான் கேட்டதும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். கடைசியில் வந்த வரி பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. காற்றில் நிறுத்தியதும் ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயுமாக ஏற்றம் இறைக்க ஆரம்பித்தது. தராசு கூட்டலுக்கும் கழித்தலுக்கும் தாவியது.

"சாக்குக் கழிவு போட்டுருங்க்கா," என்று லோகு வழி சொன்னான். வெறும் சாக்கை வைத்து அந்தப் பித்தானை அமுக்கினால், சாக்கு எடையைத் தராசு மறந்துவிடும். அதற்குப் பிறகு மஞ்சளை மட்டும்தான் காட்டும். கோகிலா அமுக்கினாள். பூஜ்யம் வந்தது. அப்பாடா என்றோம்.

அந்த நேரம் பார்த்து, மூட்டைக்குக் காவலாக மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஒரு விவசாயியின் பெண்சாதி மடியில் குழந்தை ஒன்று வீறிட்டது. யாருடைய குழந்தை என்று உடம்பு பார்ப்பதில்லை. கோகிலாவுக்குச் சுரந்துவிட்டது. உள்ளே மடித்து வைத்திருந்த துணியையும் தாண்டி ஜாக்கெட் நனைய, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பல்லைக் கடித்து நின்றாள். காலையிலிருந்து பால் கட்டி மார்பு கல்லாகியிருந்தது. பூஜ்யம் சிதறிக் கண்டபடி ஓடியது. சாக்கென்றால் ஒரே எடையாக இருக்கும், கழித்துவிடலாம். இது நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுகிறதே.

"சென்னியப்பா, மாதிரி ரூம் சாவியைக் குடு," என்றேன்.

"அது மஞ்சள் மாதிரியை வியாபாரிங்க பாக்கற ரூமுங்க்கா. ஏசி வேற ஓடுது."

"மஞ்சளுக்கு ஏசி, மனுஷிக்கு மரத்தடியா? பால் குடுக்கிறதுக்குன்னு நடுவுல ரெண்டு தடவை விடோணும்னு சட்டமே இருக்குது. காயிதம் காட்டட்டுமா, இல்ல நான் பேசற அஞ்சு லோடையும் அடுத்த மண்டிக்குத் திருப்பட்டுமா?"

சட்டத்துக்கு அசையாதவர் லோடுக்கு அசைந்தார். சாவி வந்தது.

உள்ளே மேஜை மேல் தட்டுத் தட்டாக விரலி மஞ்சள். நான் கதவில் முதுகைச் சாய்த்து நின்றேன். அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பையிலிருந்து கொதிதண்ணியில் போட்டெடுத்த சில்வர் டப்பாவை எடுத்து, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். முதலில் வரவில்லை. போனில் பாப்பா படத்தைப் பார்த்தாள், ஓரங்களிலிருந்து மெதுவாகத் தடவிக்கொடுத்தாள், பிறகு டப்பாவின் அடியில் சன்னமாகச் சத்தம் கேட்டது. கல் இளக இளக அவள் தோள் இறங்கியது. மழை நின்ற பிறகு ஓடு சொட்டுகிற மாதிரி ஒரு அலுப்பு அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்தது.

"உள்ளதைச் சொல்லு கண்ணு," என்றேன். "எங்கே கனக்குது?"

சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"காலையில நான் அழுகலீங்க்கா. பாப்பாவும் அழுகலை. பஸ்ஸுல ஜன்னலோரம் இடம் கெடைச்சுது. ரெண்டு கையும் சும்மா இருந்துச்சு. ஒரு கடலைமிட்டாய் வாங்கினேன். யாரும் புடுங்காம, யாருக்கும் பயந்து முழுங்காம, மெல்ல மென்னு முழுசாத் தின்னேன். அவ்வளவு நல்லா இருந்துச்சுங்க்கா." டப்பாவை மூடினாள். "பாப்பாவை உட்டுட்டு வந்தது தப்புன்னு எனக்குத் தோணவே இல்லை. நல்லா இருந்துச்சே, அதுதான். அதைத்தான் தூக்கிட்டுத் திரியறேன்."

"அதை எழுது."

"அதைப் போயி எழுதறதுங்களா? நங்கை பாக்கும்."

"காலையிலிருந்து நீ எழுதினது எல்லாத்தையும் பாத்துட்டுத்தானே கெடக்குது? லாரிக்காரன் ஹாரன் அடிக்கறான். எழுது."

ரங்கசாமி ஒரு கேன் நிறைய ஐஸ் கொண்டுவந்து தந்தார், எதற்கென்று கேட்கவில்லை. டப்பாவை அதற்குள் வைத்தோம். கோகிலா மூன்றாவதை அழித்தாள், சாக்குக் கழிவையும் எடுத்தாள், புதிதாக ஒரு போட்டோ எடுத்தாள். தராசில் ஏறவில்லை, பித்தான்கள் மேல் இருந்த தன் கையை மட்டும் எடுத்தாள், சோப்புப் போட்டுக் கழுவியும் நகக்கண்ணில் மஞ்சள் போகாத கையை. அதன் கீழே எழுதினாள்:

'முதல் நாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கடலைமிட்டாயை முழுசாகத் தின்றேன், நன்றாக இருந்தது. மத்தியானம் பால் கட்டி வலித்தது, மாதிரி ரூமில் உட்கார்ந்து பீய்ச்சினேன். பாப்பா நங்கையிடம் இருக்கிறாள். தராசு என்னிடம் இருக்கிறது.'

புஜம் இல்லை, நெருப்பு இல்லை, அழுகிற மூஞ்சியும் இல்லை. போட்டாள். வரி அவள் இடுப்புப் பக்கமாக வந்து, தூக்கவுமில்லாமல் இழுக்கவுமில்லாமல், கொடியில் காய்கிற ஈரத்துணி மாதிரி சமமாக நின்றது. எல்லோரும் தராசைப் பார்த்தோம். ஓடி ஓடி அடங்கி, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து, ஒரு கைப்பிடி மஞ்சளின் எடை குறைவாக நின்றுவிட்டது. பூஜ்யம் இல்லை.

"கைப்பிடிதானே, போட்டுருலாம்," என்றார் சென்னியப்பன்.

"மூட்டைக்கு ஒரு கைப்பிடிங்க," என்றாள் கோகிலா. "விவசாயி பாவமுங்க." பிறகு என்னைப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. "நங்கை பாக்காத மாதிரி மறைச்சுப் போட்டுட்டேனுங்க்கா."

ஸ்டேட்டஸில் அதற்கும் வழி உண்டு. இவரைத் தவிர மற்றவருக்குக் காட்டு என்று ஒரு இடத்தில் தட்டினால் போதும். ஆனால் ஒருமுறை மறைத்துப் போட்டதை, பிறகு மனம் மாறித் திறந்துவிட முடியாது. மறைப்பை எடுத்தாலும் அடுத்துப் போடுவதற்குத்தான் அது செல்லும். ஆகவே நாலாவதையும் அழித்தாள். பொன்னாத்தா கூட்டினாள், இந்த முறை ஏனோ மெதுவாக. மறைப்பை எடுத்துவிட்டு, அதே படத்தை, அதே வரிகளை, ஒரு எழுத்து மாற்றாமல் மறுபடி போட்டாள். கைப்பிடி கரைந்தது. பூஜ்யம் எரிந்தது. அசையாமல் எரிந்தது.

யாரும் கை தட்டவில்லை. மூட்டைகள் வர ஆரம்பித்தன. கோகிலா நாற்காலியில் உட்கார்ந்தாள், லோகு தானாகவே எழுந்து சாக்குக் கட்டப் போய்விட்டான், அவள் குரல் பழையபடி எடை சொல்ல ஆரம்பித்தது, கேட்ட விவசாயிகள் ஒவ்வொருவராக நிழலுக்குப் போனார்கள். அவள் இடுப்புப் பக்கம் அந்த வரி நின்றுகொண்டே இருந்தது. லாரி கிளம்புகிற சமயத்தில் போன் ஒருமுறை துடித்தது. சாந்தாமணி எழுதியிருந்தாள்: 'பாப்பா ரெண்டு தடவை வெளிக்குப் போயிருச்சு. ராகி துப்பிருச்சு. கடலைமிட்டாய் எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வா.'

கோகிலா அதைப் படித்துவிட்டு, அடுத்த மூட்டையின் எடையைச் சொன்னாள். குரல் கொஞ்சம் உடைந்தது, எடை சரியாக இருந்தது.

சாயங்காலம் ஐஸ் கேனைத் தூக்கிக்கொண்டு அவள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, பொன்னாத்தா குறுக்கே வந்து நின்றாள். ஓரமாகக் கூட்டி வைத்த நாலு கேப்ஷன்களின் பொடி சிறு குன்றாக இருந்தது. பொன்னாத்தா நாலு பிள்ளை பெற்றவள். நாலு தடவையும், தீட்டுக் கழியும் முன்னாலேயே, இதே மரத்தில் தூளி கட்டிவிட்டுத் துடைப்பத்தைக் கையில் எடுத்தவள். பிள்ளைகள் எல்லாம் இப்போது எங்கெங்கோ இருக்கிறார்கள்.

"அம்மிணி, என்னையும் ஒரு போட்டோ புடிக்கறயா?" என்றாள். "நான் தராசுல நின்னதே இல்லை."

துடைப்பத்தோடே ஏறினாள். எடை எரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. கோகிலா கேனைக் கீழே வைத்துவிட்டுப் போட்டோ எடுத்தாள்.

"என்னங்க்கா எழுதட்டும்?"

பொன்னாத்தா மரத்தைப் பார்த்தாள். அலுத்துப்போய்க் கையை உதறினாள்.

"முதல் நாள்னு மட்டும் போடு. மிச்சம் 'மேலும்'ல கெடக்கட்டும்."

போட்டாள். பொன்னாத்தாவின் கால் பக்கம் இரண்டே சொற்கள் நின்றன, அவற்றின் ஓரத்தில் அந்த 'மேலும்' சின்னதாகத் தொங்கியது. அதைப் பிடித்து இழுத்திருக்கலாம். அன்று எங்கள் யாருக்கும் தெம்பில்லை. பஸ் வந்துவிட்டது; கோகிலா ஓடினாள், ஒரு கையில் ஐஸ் கேன், இன்னொரு கையில் இரண்டு கடலைமிட்டாய்.